ஏழு மாத நிலாவுக்கும் ஏழு மாதப் பொடியனுக்கும் ஒரே நாளில் கருத்தடை வேண்டாம்

வாசகர் கடிதம்:

"எங்கள் வீட்டில் இரண்டு குட்டிகள். இரண்டுக்கும் ஏழு மாதம் முடிகிறது. நிலா பெண் ஜெர்மன் ஷெப்பர்ட், 23 கிலோ, இன்னும் சினைப்பருவம் வரவில்லை. பொடியன் ஆண் பொமரேனியன், இரண்டே முக்கால் கிலோ. அவனுக்கு ஒரு விரைதான் வெளியே தெரிகிறது. இரண்டுக்கும் ஒரே நாளில் கருத்தடை செய்துவிடலாம் என்று எங்கள் மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார். முதல் சினைப்பருவத்துக்குப் பிறகு செய்தால் 8 சதவீதமும், இரண்டாவதற்குப் பிறகு செய்தால் 26 சதவீதமும் மார்புப் புற்றுநோய் வரும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது. நண்பர் ஒருவரோ, பெரிய நாய்க்குச் சீக்கிரம் செய்தால் கால் கெட்டுவிடும், ஒரு முறை குட்டி போட்ட பிறகு செய்வதே நல்லது என்கிறார். பொடியனுக்கு வெளியே தெரிவதை மட்டும் எடுத்தால் போதாதா?"

அன்புள்ள வாசகிக்கு,

பொடியனின் தேதி அப்படியே இருக்கட்டும். நிலாவின் தேதியை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். காரணத்தைக் கேட்ட பிறகு உங்கள் மருத்துவரிடம் பேசுவது உங்களுக்கு எளிதாக இருக்கும்.

அவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். "ஆறு மாதம் ஆனதும் கொண்டுவாருங்கள்" என்பது எங்கள் தொழிலில் மனப்பாடமாகச் சொல்லப்பட்டு வந்த பதில். நானும் பல ஆண்டுகள் சிறிய நாய், பெரிய நாய் என்று பாராமல் அதையேதான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நாய்கள் காப்பகத்தில் அது சரியான பதில். தத்துக் கொடுத்தனுப்பும் குட்டி மறுபடி அறுவைக்குத் திரும்பி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கதவும் வேலியும் கயிறும் இருக்கும் ஒரு வீட்டில் காத்திருக்க இடம் உண்டு. காத்திருப்பதால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் கேள்வி. உங்கள் வீட்டிலேயே இரண்டு விடைகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எலும்பு நுனியில் ஒரு கறுப்புக் கோடு

நிலாவின் முன்னங்காலை இன்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பைக் குறுக்கே அறுத்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். பார்ப்பவர்கள் எலும்பு முறிவு என்று பதறுவதும் உண்டு. அது வளர்ச்சித் தட்டு. இன்னும் எலும்பாக மாறாத குருத்து. கால் நீள்வது அங்கிருந்துதான். வளர்ந்தது போதும், மூடிக்கொள் என்று அந்தத் தட்டுக்குச் சொல்பவற்றில் முக்கியமானவை பாலின ஹார்மோன்கள். சினைப்பையையோ விரைகளையோ அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் அந்தச் செய்தி தாமதமாகிறது. எலும்பு கூடுதல் நாட்கள் வளர்கிறது.

கொஞ்சம் உயரமாக வளர்ந்தால் என்ன என்று தோன்றும். உடம்பில் எல்லாத் தட்டுகளும் ஒரே நாளில் மூடுவதில்லை என்பதில்தான் சிக்கல். அறுவை நடக்கும் நேரத்தில் சில தட்டுகள் மூடியிருக்கும், சில திறந்திருக்கும். திறந்தவை மட்டும் மேலும் வளரும்போது தொடைக்கும் கணைக்காலுக்கும் இடையிலான அளவும் கோணமும் லேசாக மாறுகின்றன. அந்த மாற்றத்தின் சுமை முழங்கால் தசைநார் மீதும் இடுப்பு மூட்டு மீதும் விழுகிறது என்பதே இப்போது நாங்கள் தரும் விளக்கம். ஓடிக்கொண்டிருந்த நாய் ஒருநாள் திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வது ஆகியவை அந்தத் தசைநார் கிழிந்ததன் அடையாளங்கள். கனமான நாய்க்குப் பெரும்பாலும் பெரிய அறுவையில்தான் அது முடியும்.

ஜெர்மன் ஷெப்பர்டில் இந்தத் தட்டுகள் முழுதாக மூட ஓராண்டு தாண்டிவிடும். மிகப் பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். பொமரேனியன் போன்ற குட்டை நாய்களில் எட்டு முதல் பத்து மாதத்துக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அப்படியானால் ஏழு மாதப் பொடியனுக்கும் கோடு முழுதாக மறைந்திருக்காதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவனுக்கு வளர மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். அந்த மூட்டுகள் சுமக்கப்போவதும் மூன்று கிலோ. சிறிய இனங்களில் சீக்கிரக் கருத்தடையால் மூட்டு நோய் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

ஷெப்பர்டைப் பற்றித் தனியாகவே கணக்கு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், அங்குள்ள கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வு அது. கருத்தடை செய்யாத பெண் ஷெப்பர்டுகளில் 100க்கு 5 நாய்களுக்கு மூட்டுக் கோளாறு வந்திருந்தது. ஒரு வயதுக்குள் செய்தவற்றில் 100க்கு 16. ஆண்களில் 7 என்பது 21 ஆனது. இன்னொன்றும் அதில் வெளிப்பட்டது: ஒரு வயதுக்குள் செய்த பெண் நாய்களில் 100க்கு 7 நாய்களுக்குத் தன்னையறியாமல் சிறுநீர் கசியும் தொல்லை இருந்தது; செய்யாதவற்றில் அது ஒன்றுக்கும் இல்லை. இந்தத் தொல்லை அறுவை முடிந்த உடனே தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, நாய் தூங்கி எழுந்த இடத்தில் கையகல ஈரம் இருப்பதைத்தான் முதலில் கவனிப்பீர்கள். வீட்டுக்குள் வேண்டுமென்றே சிறுநீர் கழிக்கிறது என்று அதட்டுகிறார்கள், பாவம். மாத்திரையால் பெரும்பாலும் கட்டுப்படும், ஆனால் நீண்ட காலம் தர வேண்டியிருக்கும். எடை கூடிய பெண் நாய்களுக்கே இது அதிகம்.

இது ஒரே மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு. அங்கு வந்த நாய்கள் எல்லா வீட்டு நாய்களுக்கும் மாதிரி ஆகிவிடாது. ஆனாலும் 5க்கும் 16க்கும் உள்ள இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

உங்களைப் பயமுறுத்திய அந்த 26 சதவீதம்

நீங்கள் படித்த எண்கள் கற்பனை அல்ல. 1969இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தவை. முதல் சினைப்பருவத்துக்கு முன் செய்தால் 0.5 சதவீதம், ஒன்றுக்குப் பிறகு 8, இரண்டோ அதற்கு மேலோ ஆன பிறகு 26 என்பது அதன் முடிவு. ஆனால் எதில் சதவீதம் என்பதை இதைப் பகிர்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். 100 நாய்களில் 26 நாய்களுக்குப் புற்றுநோய் வரும் என்று அது சொல்லவில்லை. கருத்தடையே செய்யாத நாய்க்கு இருக்கும் அபாயத்தை 100 என்று வைத்தால், இரண்டு பருவம் கழித்துச் செய்த நாய்க்கு அதில் 26 பங்குதான் என்கிறது. அதாவது, அப்போதும் முக்கால் பங்கு குறைகிறது. உங்களைக் கலங்கவைத்த எண் உண்மையில் ஆறுதல் தரும் எண்.

நிலாவுக்கே போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன ஷெப்பர்ட் ஆய்வில், கருத்தடை செய்யாத பெண்களில் 100க்கு 4 நாய்களுக்கு மார்புப் புற்றுநோய் வந்திருந்தது. ஒரு வயதுக்குள் செய்தவற்றில் 100க்கு 1க்கும் குறைவு. அந்த 4ஐ எடுத்துக்கொண்டால், ஒரு பருவம் கழித்துச் செய்யும்போது பழைய கணக்குப்படி அதில் 8 சதவீதம், அதாவது 1000 நாய்களில் 3. இரண்டு பருவம் கழித்தால் 100க்கு 1. அந்த நாய்கள் எட்டு வயது வரைதான் கவனிக்கப்பட்டன. இந்த நோய் வயதாக ஆகக் கூடும் என்பதால் உண்மையான எண்கள் இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். 1969 கணக்கும் அசைக்க முடியாதது அல்ல. 2012இல் இந்த விஷயத்தில் வந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தவர்கள், சான்று பலவீனமாக இருக்கிறது என்றே எழுதினார்கள். இவ்வளவு தள்ளுபடி செய்தும் ஒன்று மிஞ்சுகிறது: முதல் பருவத்துக்காகக் காத்திருப்பதால் மார்பில் கூடும் அபாயம், காத்திருக்காமல் செய்தால் மூட்டிலும் சிறுநீர்ப்பையிலும் கூடும் அபாயத்தைவிட மிகச் சிறியது. நிலா சின்ன இனப் பெண்ணாக இருந்திருந்தால் இந்தத் தராசின் மறுதட்டில் வைக்க எதுவுமே இருந்திருக்காது. முதல் பருவத்துக்கு முன்பே செய்யச் சொல்லியிருப்பேன்.

உங்கள் நண்பர் கால் விஷயத்தில் சரி. குட்டி விஷயத்தில் சரியில்லை. ஒரு முறை ஈன்றால் உடம்பு சுத்தமாகும், குணம் நிதானப்படும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. பிரசவத்துக்கு அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. பிறகு அத்தனை குட்டிகளுக்கும் வீடு தேட வேண்டும்.

காத்திருப்பது என்றால் செய்யாமலே விடுவது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சினைப்பையும் கருப்பையும் உள்ள பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கிறது என்று ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரவோடு இரவாக அறுவை செய்யும் நிலைக்குக் கொண்டுபோய்விடும் நோய் அது. நிலாவுக்குக் கருத்தடை வேண்டும். ஏழாம் மாதத்தில் வேண்டாம்.

நிலாவின் நாட்காட்டி

நிலாவுக்கு முதல் சினைப்பருவம் பத்தாம் மாதத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சொட்டு இரத்தம் கண்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். பலரும் ஏமாறுவது இரண்டாம் வாரத்தில்: இரத்தம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஆணை ஏற்கும் நாட்களின் ஆரம்பம். முதல் சொட்டிலிருந்து முழுதாக நான்கு வாரம் வெளியே கயிறில்லாமல் விட வேண்டாம். தோட்டத்தில் தனியாகவும் விட வேண்டாம்.

அறுவைத் தேதி, முதல் சொட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து. நம் கணக்கில் பதின்மூன்றாம் மாதம். பருவத்தின் நடுவே செய்தால் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், இரத்தப்போக்கு அதிகம். முடிந்த கையோடு செய்தால் உடம்பு பொய்ச்சினையில் இருக்கும். அப்போது சினைப்பையை எடுத்தால் பால் சுரப்பதும், பொம்மையைக் குட்டி போல் காப்பதும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகலாம். அறுவைக்கு முந்தைய வாரம் பால்காம்புகளை மெல்ல அழுத்திப் பாருங்கள். பால் வந்தால் மருத்துவரிடம் சொல்லித் தேதியை ஒத்திவையுங்கள்.

அந்தப் பதின்மூன்றாம் மாதத்தில், மயக்க மருந்து கொடுக்கும்போதே மணிக்கட்டை ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். கறுப்புக் கோடு மறைந்திருந்தால் அன்றே கருத்தடை, இடுப்பு மூட்டின் படமும் அதே மயக்கத்தில். கோடு இன்னும் தெளிவாக இருந்தால் இன்னும் சில வாரம் பொறுக்கலாம். ஆனால் ஷெப்பர்டுகளில் அடுத்த பருவம் ஐந்தே மாதத்தில் வந்துவிடுவதும் உண்டு. அதனால் அந்த இடைவெளி நீளமானது அல்ல. இரண்டாவது பருவம் முந்திக்கொண்டால் அதே மூன்று மாதக் கணக்கை மறுபடி தொடங்குங்கள். இந்த இனத்துக்கு இரண்டு வயது வரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அது பிழையல்ல, நான் அத்தனை பருவங்களைக் காவல் காக்கச் சொல்லத் தயங்குபவன், அவ்வளவுதான்.

பருவம் முடிந்த அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் கருப்பைச் சீழும் தலைகாட்டும். முதல் பருவத்திலேயே வருவது அரிது, ஆனாலும் கண் வையுங்கள். சீழ் எப்போதும் வெளியே ஒழுகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒரு துளியும் வராது. அதுவே மோசமான வகை. நாய் சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காலி செய்யும். ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது இயல்பு அல்ல. நிலா அப்போது 28 கிலோ இருந்தால் அந்த எல்லை 2.8 லிட்டர். சந்தேகம் வந்த நாளே ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோங்கள்.

பொடியனின் ஒளிந்திருக்கும் விரை

நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரானது என் பதில். கட்டாயமாக எடுக்க வேண்டியது வெளியே தெரியாததைத்தான். விரைகள் பொதுவாக இரண்டு மாத வயதுக்குள் பைக்குள் இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தும் இறங்காதது இனி இறங்கப்போவதில்லை. வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிய விரையில், உடம்புச் சூட்டினால் விந்து உருவாகாது. ஆனால் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். வெளியே இருப்பதை மட்டும் எடுத்தால் கருத்தடை ஆனதாகத் தோன்றும். ஊர் சுற்றுவதும் காலைத் தூக்கிக் குறியிடுவதும் அப்படியே தொடரும். அதைவிட முக்கியம், உள்ளே தங்கிய விரையில் கட்டி வரும் வாய்ப்பு சாதாரண விரையைவிடப் பல மடங்கு அதிகம். வெளியே இருப்பதையும் சேர்த்து எடுப்பதற்குக் காரணம், இது பரம்பரையாக வரும் குறை என்பது.

இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுத்த பிறகு தேடத் தொடங்கக் கூடாது. தொடை இடுக்கில் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று முதலில் பார்ப்பார், இல்லையென்றால் ஸ்கேன். வயிற்றுக்குள் இருந்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், அறுவை நேரமும் கூடும்.

பொடியனின் ஆபத்து மூட்டில் இல்லை, அறுவை மேசையில் இருக்கிறது. இவ்வளவு சிறிய உடம்பு மயக்கத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும். வயிறு காலியாக நீண்ட நேரம் இருந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். பெரிய நாய்க்குச் சொல்வது போல முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போட வேண்டாம். எத்தனை மணிக்குக் கடைசி உணவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய பட்டியலில் முதல் ஆளாக அவனை வைக்கச் சொல்லுங்கள். வாயையும் திறந்து காட்டுங்கள்: இந்த இனத்தில் கோரைப்பல் முளைத்த பிறகும் பால்பல் விழாமல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் இரண்டு பல்லாக நிற்பது சர்வ சாதாரணம். அதே மயக்கத்தில் அதையும் எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு 10 முதல் 14 நாட்கள் கழுத்து வளையம் இருக்கட்டும். நிலாவிடமிருந்தும் சில நாட்கள் பிரித்து வையுங்கள். அவள் விளையாட்டாக மோதினாலே தையல் தாங்காது. அறுவை முடிந்த மறுநாளே அவன் மலடாகிவிட மாட்டான், மிச்சமிருக்கும் விந்து சில வாரம் உயிரோடு இருக்கும். மூன்று கிலோ நாய் 28 கிலோ நாயிடம் என்ன செய்துவிடும் என்று சிரிக்க வேண்டாம். நிலா படுத்துக்கொண்டால் உயர வித்தியாசம் காணாமல் போகும். நிலாவின் பருவம் வருவதற்கு ஆறு வாரம் முன்பே அவனுக்கு முடிந்துவிட வேண்டும். அவன் தேதியை மாற்ற வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

மற்ற நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி

கலப்பின நாய் என்றால், முழு வளர்ச்சியில் 20 கிலோவைத் தாண்டுமா என்று கேளுங்கள். தாண்டும் என்றால் ஓராண்டாவது பொறுப்பது நல்லது; தாண்டாது என்றால் ஆறு மாத வாக்கில் செய்யலாம். இது கிழிக்கப்பட்ட எல்லைக்கோடு அல்ல. கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனத்தில் சீக்கிரக் கருத்தடையால் மூட்டு நோய் கூடியதாகத் தெரியவில்லை. ஏன் என்பதற்கு எங்களிடம் நல்ல விளக்கம் இல்லை.

இரண்டு நாய்களுக்கும் கருத்தடைக்குப் பிறகு உணவில் கால் பங்கு வரை குறைக்க வேண்டியிருக்கும். பசி கூடும், உடம்பு செலவழிக்கும் சக்தி குறையும். நிலாவின் எடையில் இப்போதே கவனம் வேண்டும். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவு மெலிவாகவே வளர்த்துக்கொண்டு வாருங்கள். கொழுத்த குட்டியாக வளரவிட்டால், மூட்டுக்காக நீங்கள் காத்திருந்ததில் பாதி வீணாகிவிடும்.

என் பதில் தலைகீழாக மாறும் ஒரு நிலை உண்டு. உங்கள் வீட்டு வெளிக்கதவு நாள் முழுதும் திறந்து மூடப்படுகிறது, நான்கு வாரம் நிலாவைக் கட்டிக்காக்க ஆளில்லை என்றால், எனக்கு எழுத வேண்டாம். உங்கள் மருத்துவர் கொடுத்த தேதியிலேயே நிலாவையும் கொண்டுபோங்கள். பத்து மாதத்தில், தான் வளர்ந்து முடிக்கும் முன்பே வயிற்றில் குட்டிகளைச் சுமக்கும் நாய்க்கு, மூட்டைப் பற்றி நான் போட்ட கணக்கு எதுவும் உதவாது.